புதுப் போனில் நம்பர்களைக் காணோம்: குறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

போன மாதம் ஒரு மழை நாளில், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அக்கா கடைக்கு வந்தார். கையில் இரண்டு போன். ஒன்று கண்ணாடி வெடித்த பழைய ஆண்ட்ராய்டு, மற்றது மகன் கொழும்பிலிருந்து வாங்கி அனுப்பிய புதுசு. "தம்பி, பாதிக்கு மேல நம்பரக் காணோம். குவைத்துல இருக்கற மக நம்பரும் இல்ல. பழச வித்துடலாம்னு வீட்டுல சொல்றாங்க, நாந்தான் வேணாம்னு வச்சிருக்கேன்" என்றார்.

பழைய போனை வைத்திருந்தது பெரிய காரியம். அதை விற்றிருந்தால் பாதி நம்பர்களை மீட்க வழியே இருந்திருக்காது. அந்த அக்காவின் போனில் நாங்கள் பார்த்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். உங்கள் போனில் தெரியும் குறி எதுவோ, அந்தத் தலைப்பிலிருந்து தொடங்கலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் முதலில் படித்துவிடுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்னால்

பழைய போனை ரீசெட் செய்ய வேண்டாம். அதிலிருக்கும் கூகுள் கணக்கையும் அழிக்க வேண்டாம். கணக்கை எடுத்துவிட்டால் அந்தக் கணக்கின் பெயரில் போனில் இருந்த நம்பர்கள் எல்லாம் அதோடு போய்விடும். ஏற்கெனவே கூகுளுக்குப் போய்ச் சேர்ந்தவை திரும்பி வரும். போய்ச் சேராதவை வராது.

இன்னொன்று. 'நம்பர் காணாவிட்டால் Contacts Storage என்பதற்குள் போய் Clear data கொடுங்கள்' என்று சிலர் வீடியோவில் சொல்கிறார்கள். போன் மெமரியில் மட்டும் இருக்கும் நம்பர்கள் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. அதை அழுத்தினால் அவை அழிந்துவிடும். நன்றாக இருந்த போன் புக் இப்படிக் காலியான பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. பழைய போனில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

சரி, நம்பர்கள் எங்கே இருக்கும்? போன் புக்கைத் திறந்தால் எல்லாப் பெயரும் ஒரே பட்டியலாகத் தெரிகிறது. அதனால் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒவ்வொரு நம்பரும் மூன்று இடங்களில் ஒன்றில் சேமிக்கப்பட்டிருக்கிறது: கூகுள் கணக்கில், போனின் சொந்த மெமரியில், அல்லது சிம்மில். போன் மூன்றையும் ஒன்றாகக் கலந்து காட்டுகிறது, அவ்வளவுதான். போன் மாற்றும்போது இந்த மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். கூகுளில் இருப்பது கணக்கோடு வரும். சிம்மில் இருப்பது சிம்மோடு வரும். போன் மெமரியில் இருப்பதை நாமே எடுத்து வைக்காதவரை பழைய போனிலேயே கிடக்கும்.

ஆகவே முதல் வேலை எண்ணிப் பார்ப்பது. சில போன்களில் Contacts செயலியின் இடப்பக்கம் மூன்று கோடு இருக்கும். அதைத் தொட்டால் Phone, SIM, Google என்று தனித்தனியாக, எத்தனை நம்பர் என்ற கணக்கோடு காட்டும். கூகுளின் Contacts செயலி என்றால் பட்டியலின் மேல்பக்கத்தில் எந்தக் கணக்கின் நம்பர்களைக் காட்டுகிறது என்று எழுதியிருக்கும். அதைத் தொட்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். போனுக்குப் போன் சொற்கள் கொஞ்சம் மாறும், விஷயம் ஒன்றுதான்.

அக்காவின் பழைய போனில் மொத்தம் 187. அதில் கூகுள் கணக்கில் 43, சிம்மில் 48, போன் மெமரியில் 96. புதுப் போனில் இருந்ததும் சரியாக 43. அந்த எண்ணைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. கூகுள் கணக்கு ஒழுங்காக வந்திருக்கிறது, மற்ற இரண்டும் வரவில்லை.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைசியில் சரிபார்க்க இது மட்டும்தான் ஆதாரம்.

குறி: புதுப் போனில் ஒரு நம்பர்கூட இல்லை

அக்காவுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் கடைக்கு அதிகமாக வருவது இதுதான். இங்கே முதலில் செய்ய வேண்டியது ஒரே ஒரு சோதனை. புதுப் போனில் குரோமைத் திறந்து இந்த முகவரிக்குப் போங்கள்:

```
contacts.google.com
```

எந்த ஜிமெயில் கணக்கால் உள்ளே போயிருக்கிறீர்கள் என்பதையும் வலப்பக்க மேல் மூலையில் பாருங்கள். அங்கே நம்பர்கள் தெரிந்தால் அவை பத்திரமாக இருக்கின்றன, புதுப் போன் இன்னும் இறக்கிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அங்கேயும் காலி என்றால் அந்தக் கணக்கில் கொண்டுவருவதற்கு எதுவும் இல்லை. இந்த இரண்டுக்கும் வழி வேறு வேறு என்பதால், இதைப் பார்க்காமல் செட்டிங்ஸில் அங்குமிங்கும் தட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

தெரிகிறது என்றால் வேலை சுலபம். Settings உள்ளே Accounts என்ற பகுதிக்குப் போய், கூகுள் கணக்கைத் தொட்டு, Account sync என்பதில் Contacts சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதே பக்கத்து மூன்று புள்ளியைத் தொட்டால் Sync now வரும். அதைக் கொடுங்கள். Accounts பக்கத்தில் தானாகச் சிங்க் ஆகும் சுவிட்ச் ஒன்றும் இருக்கும், அதுவும் போட்டிருக்க வேண்டும். பேட்டரி சேவர் போட்டிருந்தால் சிங்க் நின்றுவிடக்கூடும், டேட்டா சேவர் போட்டிருந்தாலும் அப்படித்தான். போனின் தேதியும் நேரமும் தப்பாக இருந்தால் கூகுளோடு தொடர்பே சரியாக ஏற்படாது.

நம்முடைய மலைப்பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. பணியக்கணக்கு லயங்களில், ஆற்றோரப் பள்ளத்தில், டேட்டா அடையாளம் தெரியும், ஆனால் எதுவும் ஓடாது. புதுப் போனை அங்கே வைத்து ஆரம்பித்தவர்களுக்குக் கணக்கு மட்டும் ஏறியிருக்கும், நம்பர்கள் வந்திருக்காது. சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மேட்டுக்கோ ரோட்டுக்கோ வந்து Sync now கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் திரையை அணையவிடாமல் வைத்திருங்கள். பெயரும் நம்பரும் மிகச் சின்னத் தகவல், டேட்டா அதிகம் போகாது.

இணையத்திலும் காலி என்றால், அநேகமாகக் கணக்கு மாறியிருக்கிறது. இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். முதல் ஆண்ட்ராய்டு போனை வாங்கும்போது, கடையில் இருக்கும் பையனே ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து போட்டுக் கொடுத்துவிடுவான். பெயர் அவனுக்குக் கேட்ட மாதிரி, பாஸ்வேர்ட் அவனுக்குத் தோன்றிய மாதிரி. போன்காரருக்கு இரண்டுமே தெரியாது. மூன்று வருடம் சேர்த்த நம்பர்கள் எல்லாம் அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும். அப்புறம் புதுப் போன் வாங்கும்போது இன்னொரு கடையில் இன்னொரு புதுக் கணக்கு. புதுக் கணக்கில் நம்பர் எங்கிருந்து வரும்?

பழைய போன் வேலை செய்கிறது என்றால், அதில் Settings, பிறகு Accounts என்று போனால் அந்த ஜிமெயில் முகவரி முழுதாகத் தெரியும். அதை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொண்டு புதுப் போனில் இரண்டாவது கணக்காகச் சேர்க்கலாம். பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் Forgot password கொடுங்கள். பழைய போனில் அந்தக் கணக்கு உள்ளேயே இருப்பதால், நீங்கள்தானா என்று கேட்டு அதன் திரைக்கே ஒரு கேள்வி வரலாம். அதில் ஆம் என்று சொன்னால் வழி திறக்கும். ஆகவே இதைச் செய்யும்போது இரண்டு போனையும் டேட்டாவோடு பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய போன் செத்துவிட்டது, முகவரியும் தெரியாது என்றால், கூகுளில் நுழையும் பக்கத்தில் Forgot email கொடுங்கள். கணக்கோடு இணைத்திருந்த போன் நம்பரையும், கணக்கு எந்தப் பெயரில் திறக்கப்பட்டதோ அந்தப் பெயரையும் கேட்கும். மாட்டிக்கொள்வது பெயரில்தான். உங்கள் பெயரைக் கடைப் பையன் ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருப்பான் என்று யோசியுங்கள். முதல் பெயர் மட்டும் போட்டிருக்கலாம், அப்பா பெயரை விட்டிருக்கலாம். ஒரு ஐயாவின் கணக்கை நாங்கள் கண்டுபிடித்தபோது, அவர் பெயரின் கடைசி எழுத்தை விட்டுவிட்டு எழுதியிருந்தார்கள். நாலாவது முயற்சியில்தான் கிடைத்தது. அதே சிம் நம்பர் உங்களிடம் இன்னும் இருந்தால் மட்டும்தான் இந்த வழி, ஏனென்றால் உறுதி செய்யும் இலக்கம் அந்த நம்பருக்கு எஸ்எம்எஸ்ஸாக வரும்.

குறி: கொஞ்சம் இருக்கிறது, மீதியைக் காணோம்

அக்காவின் நிலை இது. 43 இருந்தது, 144 இல்லை. முதலில் சிம்மை எடுத்துக்கொண்டோம், அதுதான் சுலபம்.

அதே சிம்மைத்தான் புதுப் போனில் போட்டிருந்தார். ஆனாலும் 48 நம்பர் தெரியவில்லை. காரணம், பல புதுப் போன்கள் சிம்மில் இருப்பதைத் தாமாகப் பட்டியலில் காட்டுவதில்லை, நாம்தான் இறக்க வேண்டும். கூகுள் Contacts செயலியில் கீழே Organise என்று இருக்கும். அதைத் தொட்டு Import from SIM கொடுத்தால், எந்தச் சிம், எந்தக் கணக்கில் சேமிக்க வேண்டும் என்று கேட்கும். இரண்டு சிம் போன் என்றால் சரியான சிம்மைத் தேர்ந்தெடுங்கள். சேமிக்கும் இடத்துக்குக் கட்டாயம் கூகுள் கணக்கைக் கொடுங்கள். Device என்று கொடுத்தால் இன்று நம்பர் தெரியும், அடுத்த போன் மாற்றும்போது இதே கதை திரும்பும்.

சிம்மில் எதுவும் இல்லை என்று சொன்னால், போனை அணைத்துப் போட்டு இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். போன் எழுந்த உடனே சிம்மின் புத்தகத்தை வாசித்து முடிப்பதில்லை. அப்படியும் காலி என்றால் ஒரு கேள்வி: இடையில் சிம் மாற்றினீர்களா? தொலைந்ததற்கோ, 4ஜிக்காகவோ அடையாள அட்டையைக் காட்டி அதே நம்பருக்குப் புதுச் சிம் வாங்கியிருந்தால், அந்தப் புதுச் சிம்மின் புத்தகம் வெறுமையாகத்தான் இருக்கும். உங்கள் நம்பர் கம்பனியிடம் இருக்கிறது. நீங்கள் சிம்மில் எழுதி வைத்த மற்றவர்களின் நம்பர்கள் கம்பனியிடம் இல்லை, அந்தப் பழைய சிம் துண்டில் மட்டுமே இருந்தன. சேவை நின்றுபோன பழைய சிம் வீட்டில் எங்காவது கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். சேவை இல்லாவிட்டாலும் போனில் போட்டால் அதன் புத்தகத்தை வாசிக்க முடியும். தீப்பெட்டிக்குள் இரண்டு வருடம் கிடந்த சிம்மிலிருந்து நம்பர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அக்காவின் சிம்மை இறக்கியதும் 43 என்பது 91 ஆனது. மீதி 96, பழைய போனின் மெமரியில்.

இதற்குப் பழைய போனில் ஏற்றுமதி செய்ய வேண்டும். Contacts செயலியில் Manage contacts, பிறகு Import or export contacts என்று போய் Export கொடுத்தோம். எதை எடுக்க வேண்டும் என்று கேட்டதில் Phone என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தோம். சிம்மும் கூகுளும் ஏற்கெனவே வந்துவிட்டன அல்லவா, அவற்றையும் சேர்த்து எடுத்தால் எல்லாம் இரண்டிரண்டாக வரும். கடைசியில் .vcf என்று முடியும் ஒரு ஃபைல் கிடைத்தது. படங்கள் இல்லாததால் ஒரு போட்டோவைவிட மிகச் சின்னது. புளூடூத்தில் புதுப் போனுக்கு அனுப்பினோம், டேட்டாவே தேவைப்படவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் Document என்று தேர்ந்து அனுப்புங்கள்.

புதுப் போனில் அதே Organise பக்கத்தில் Import from file. இங்கேயும் கணக்கைக் கேட்கும், இங்கேயும் கூகுள்தான். இறக்கி முடிந்ததும் 187. தாளில் எழுதிய எண்ணோடு ஒன்றாகிவிட்டது.

பழைய போனில் ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொண்டோம்: 96 நம்பர் ஏன் போன் மெமரிக்குப் போனது? புது நம்பர் சேமிக்கும் திரையின் மேலே 'எங்கே சேமிப்பது' என்று சின்னதாக ஒரு வரி இருக்கும். முதல் தடவை Phone என்று தேர்ந்திருக்கிறார், அதற்குப் பிறகு போன் அதையே பிடித்துக்கொண்டது. புதுப் போனில் ஒரு பொய் நம்பரைச் சேர்த்து, அந்த வரியில் கூகுள் கணக்கு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அழித்தோம்.

சில நேரம் நம்பர் இறங்கியும் தெரியாது. அப்போது வடிகட்டியைப் பாருங்கள். பட்டியல் ஒரு கணக்கை மட்டும் காட்டும்படி இருந்தால் மற்றவை மறைந்திருக்கும். All contacts என்று மாற்றினால் வந்துவிடும். இதற்காக ஹட்டன் வரை பஸ் ஏறி வந்தவர்களும் உண்டு, ஒரு தட்டில் முடிந்த வேலை.

குறி: நம்பர் வந்தது, பெயர் பாதியில் அறுந்திருக்கிறது

187 வந்த பிறகும் அக்கா மகளின் நம்பரைத் தேடிக்கொண்டே இருந்தார். பட்டியலில் 'குவைத்' என்று மூன்று பேர் இருந்தார்கள். மூன்றும் +965 என்று தொடங்கின. மூன்றும் சிம்மிலிருந்து வந்தவை.

இது சிம்மின் இடப் பற்றாக்குறை. சிம்மில் ஒரு பெயருக்கு ஒதுக்கப்படும் இடம் மிகக் கொஞ்சம். பல சிம்களில் 14 பைட் அளவுதான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், ஆகவே 14 எழுத்து எழுதலாம். தமிழில் எழுதினால், பழைய போன்கள் வழக்கமாகச் செய்யும் முறையில், முதலில் ஒரு பைட் அடையாளத்துக்குப் போகிறது, பிறகு ஒவ்வொரு குறியீட்டுக்கும் இரண்டு பைட். ஆக ஆறு குறியீடு மட்டுமே உள்ளே போகும். குறியீடு என்றால் முழு எழுத்து அல்ல. 'கு' என்பது க, உகரக் குறி என இரண்டு. 'வை' இரண்டு. 'த்' என்பது த, புள்ளி என இரண்டு. 'குவைத்' என்று எழுதியதுமே ஆறு முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் அக்கா எழுதியிருந்த மகள், சின்னம்மா, ஏஜென்சி எல்லாம் அன்றைக்கே வெட்டப்பட்டுவிட்டன. பழைய போனிலும் அப்படித்தான் இருந்தது. அங்கே அடிக்கடி பேசும் பட்டியலில் மகள்தான் முதலில் வருவார் என்பதால் அக்காவுக்கு அது தெரியவே இல்லை.

அறுந்த பெயரைத் திரும்ப ஒட்ட முடியாது, அது எங்குமே சேமிக்கப்படவில்லை. ஆனால் யார் யார் என்று கண்டுபிடிக்கலாம். பழைய போனின் அழைப்புப் பட்டியலைத் திறந்தோம். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் வந்த அழைப்புகள் எல்லாம் ஒரே நம்பரிலிருந்து. "அதுதான், அதுதான், லீவு அன்னைக்குத்தான் எடுப்பா" என்றார் அக்கா. மற்ற இரண்டையும் வாட்ஸ்அப்பில் திறந்து முகப்புப் படத்தைப் பார்த்துப் பிரித்தோம். அப்புறம் மூன்றுக்கும் முழுப் பெயர் எழுதிக் கூகுளில் சேமித்தோம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. Organise பக்கத்தில் Merge & fix என்று ஒன்று உண்டு. இரண்டு தடவை வந்திருக்கும் பெயர்களைச் சேர்த்துக் கொடுக்கும், நல்ல வசதிதான். அக்காவின் போனில் போன் மெமரியிலும் சிம்மிலும் ஒரே ஆள் இருந்த ஜோடிகள் 19 கிடைத்தன, சேர்த்த பிறகு பட்டியல் 168 ஆனது. ஆனால் அறுந்த பெயர்களைச் சரி செய்யும் முன்னால் இதைச் செய்திருந்தால், ஒரே பெயருள்ள மூன்று குவைத்தும் ஒரே ஆளாகச் சேர வாய்ப்பு இருந்தது. Merge all கொடுக்காமல் ஒவ்வொன்றாக நம்பரைப் பார்த்துச் சேருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் நம்பர் வேறு என்றால் கை வைக்க வேண்டாம். நம் தோட்டங்களில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பது சாதாரணம்.

குறி: ஃபைல் இருக்கிறது, இறங்கவில்லை, அல்லது பெயர்கள் குழம்பி வருகின்றன

.vcf ஃபைலைச் சாதாரண எழுத்துச் செயலியில் திறந்தால் உள்ளே இப்படி இருக்கும். இது 'மாமா' என்ற ஒரே ஒரு பெயர்:

```
BEGIN:VCARD
VERSION:2.1
N;CHARSET=UTF-8;ENCODING=QUOTED-PRINTABLE:;=E0=AE=AE=E0=AE=BE=E0=AE=AE=E0=AE=BE;;;
TEL;CELL:07XXXXXXXX
END:VCARD
```

தமிழ் தெரியவில்லையே, ஃபைல் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பழைய 2.1 வகை ஃபைலில் தமிழை இப்படித்தான் எழுதுவார்கள். =E0=AE=AE என்பது 'ம', =E0=AE=BE என்பது கால். போன் இறக்கும்போது தானாகத் தமிழாக மாற்றிக்கொள்ளும். எத்தனை BEGIN:VCARD வரி இருக்கிறதோ அத்தனை நம்பர் உள்ளே இருக்கிறது. ஒரு வரிகூட இல்லை என்றால் ஏற்றுமதியே நடக்கவில்லை, பழைய போனில் திரும்ப எடுங்கள். இறங்கியது பாதியில் நின்றுவிட்டால், இறங்கிய கடைசிப் பெயருக்கு அடுத்த அட்டையில்தான் ஏதோ கோளாறு. ஃபைலின் ஒரு பிரதியை எடுத்து, அதில் அந்த ஒரு அட்டையை BEGIN முதல் END வரை அழித்துவிட்டு, ஏற்கெனவே இறங்கியவர்களின் அட்டைகளையும் அதே பிரதியிலிருந்து அழித்துவிட்டு இறக்குங்கள். அழித்த ஆளின் நம்பரைக் கையால் சேர்த்துக்கொள்ளலாம்.

பார்க்க மட்டும் திறந்தால் சரி. மூலப் பிரதியில் எதையும் மாற்றிச் சேமிக்காதீர்கள்.

கம்பியூட்டர் தெரிந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் வேறொரு கோளாறு வருகிறது. இணையத்திலிருந்து .csv ஃபைலாக இறக்கி, எக்செல்லில் திறந்து, கொஞ்சம் திருத்திச் சேமித்துவிடுகிறார்கள். எக்செல் அந்த நம்பர்களை வெறும் எண் என்று நினைத்துக்கொள்ளும். 07 என்று தொடங்குவதில் முதல் பூச்சியத்தைத் தின்றுவிடும். +94 என்று தொடங்குவதை 9.47E+10 என்று சுருக்கிவிடும். அப்படிச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. தமிழ்ப் பெயர்களும் பல நேரம் குப்பை எழுத்தாக மாறும். பூச்சியம் மட்டும் போயிருந்தால் ஒன்பது இலக்கமாகத் தெரியும். முன்னால் ஒரு 0 போட்டால் சரியாகிவிடும். சுருங்கிய எண் என்றால் மூல ஃபைலைத் திரும்ப இறக்குங்கள். இன்னொன்று, போனில் இருக்கும் Import from file .vcf ஐ மட்டுமே ஏற்கும். .csv ஐ மேலே சொன்ன இணையப் பக்கத்தில்தான் ஏற்ற வேண்டும்.

குறி: வாட்ஸ்அப்பில் பெயர் இல்லை, வெறும் நம்பர்தான்

இரண்டு காரணம். போன் புக்கில் அந்த நம்பர் இல்லை என்பது ஒன்று. மேலே சொன்னதைச் செய்தால் பெயர் தானாக வந்துவிடும். போன் புக்கில் பெயர் இருந்தும் வாட்ஸ்அப்பில் வராவிட்டால், Settings, Apps, WhatsApp, Permissions என்று போய் Contacts அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். புதுப் போனில் முதல் தடவை கேட்கும்போது அவசரத்தில் வேண்டாம் என்று தட்டியிருப்பார்கள்.

வெளிநாட்டு நம்பர்களுக்கு நாட்டு இலக்கம் கட்டாயம் வேண்டும். குவைத்துக்கு +965, சவூதிக்கு +966, கத்தாருக்கு +974. அது இல்லாமல் சேமித்திருந்தால் வாட்ஸ்அப் அந்த ஆளைக் கண்டுபிடிக்காது. உள்ளூர் நம்பர்களைப் 07 என்று விட்டாலும் இங்கே வேலை செய்யும். ஆனால் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போகும்போது +94 போட்டு, முன்னால் இருக்கும் 0 ஐ எடுத்துவிட்டுச் சேமிப்பது நல்லது.

போன் புக் முழுதாகத் தொலைந்தவர்களுக்கும் வாட்ஸ்அப் உதவும். பேச்சுக்களின் பேக்கப் திரும்ப வந்திருந்தால், பெயர் இல்லாவிட்டாலும் நம்பரும் நடந்த பேச்சும் இருக்கும். பேச்சைப் படித்தால் ஆள் யார் என்று தெரியும். தோட்டத்துச் சங்கக் குரூப், கோவில் குரூப் போன்றவற்றில் உறுப்பினர் பட்டியலைத் திறந்தால் இன்னும் பல நம்பர்கள் கிடைக்கும்.

பழைய போன் எழும்பவே இல்லை என்றால்

திரை மட்டும் போயிருந்தால் நம்பிக்கை உண்டு. வேறொரு திரையை மாட்டிப் பார்த்து ஏற்றுமதி செய்யலாம், உள்ளூர்க் கடையிலேயே செய்வார்கள். தண்ணீரில் விழுந்து போர்டு போயிருந்தால் போன் மெமரியில் இருந்தவற்றை நம்ப முடியாது. ஆனால் ஒரு இடத்தைப் பார்த்துவிடுங்கள். பழைய கூகுள் கணக்கைப் புதுப் போனில் போட்ட பிறகு, Contacts செயலியின் Organise பக்கத்தில் Restore contacts என்று இருக்கும். பழைய போனில் பேக்கப் ஓடியிருந்தால் அதன் பெயர் அங்கே வரும், போன் மெமரி நம்பர்களும் சிம் நம்பர்களும் அதில் இருக்கலாம். தொட்டு எடுத்துக்கொள்ளலாம்.

நம்பர்களைத் தவறி அழித்துவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது, ஆனால் 30 நாள்தான். கூகுள் கணக்கில் இருந்து அழித்தவை Bin பகுதியில் 30 நாள் கிடக்கும். இணையப் பக்கத்தில் Undo changes என்றும் ஒன்று உண்டு. முழுப் பட்டியலையும் ஒரு மணி நேரம், ஒரு நாள், ஒரு வாரம் என்று பின்னால் கொண்டுபோகலாம், அதற்கும் 30 நாள்தான் எல்லை. அப்படிப் பின்னால் போகும்போது இடையில் புதிதாகச் சேர்த்தவை போய்விடும், ஆகவே முதலில் இப்போதைய பட்டியலை .vcf ஆக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவிடம் பழைய போனை இன்னும் ஒரு மாதம் வைத்திருக்கச் சொன்னேன். அந்த .vcf ஃபைலை அவருடைய ஜிமெயிலுக்கே அனுப்பி வைத்தோம். போவதற்கு முன்னால் கடையிலேயே நின்று மகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போட்டார். பதில் அன்று வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு வந்ததாக மறுநாள் ரீலோட் போட வந்தபோது சொன்னார்.